குத்தாமலும் சுருங்காமலும் ஒரு ஸ்வெட்டர்

ஊட்டி தாவரவியல் பூங்காவை ஒட்டிய திபெத்தியர் சந்தைக்குப் போகிறவர்கள் ஒரு ஸ்வெட்டராவது வாங்காமல் திரும்புவது அபூர்வம். மெத்தென்று இருக்கும், விலையும் கைக்கு எட்டும். உள்ளே தைத்திருக்கும் லேபிளைத்தான் யாரும் படிப்பதில்லை. அங்கே 'அக்ரிலிக் 100%' என்றிருந்தால் அதில் ஆட்டு ரோமமே கிடையாது. அது பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை இழை.

லேபிள் இல்லையா? தையலோரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகி, கெட்டியான கறுப்பு மணியாகிவிடும். கலப்பு நூலில் இரண்டும் சேர்ந்தே தெரியும். இந்தச் சோதனை வீட்டில்தான். கடையில் செய்தால் கடைக்காரர் சும்மா இருக்கமாட்டார்.

உடம்பில் பட்டதும் அரிக்கிறதே என்பது அடுத்த புகார். பலரும் நினைப்பதுபோல் பெரும்பாலும் அது ஒவ்வாமை அல்ல, இழையின் தடிமன். சுமார் 30 மைக்ரானுக்கு மேல் தடித்த ரோமத்தின் முனை வளையாமல் தோலைக் குத்துகிறது. நூறு இழைகளில் இப்படி 5 இருந்தாலே பலருக்குத் தாங்காது. மெல்லிய மெரினோ 20 மைக்ரானுக்கும் கீழே இருக்கும். லடாக் ஆடுகளின் பஷ்மினா அதைவிடவும் மெல்லியது. ஆகவே குத்துகிற ஸ்வெட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். உள்ளே முழுக்கைப் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டால் போதும்.

சுருங்குவது வேறு கதை. கம்பளி இழையின் மேல் மீன் செதில்போல அடுக்குகள் உண்டு. சூடும் சோப்பும் கசக்கலும் சேர்ந்தால் ஒரு இழையின் செதில் அடுத்ததில் மாட்டி இறுகும். சூடு மட்டும் குற்றவாளி அல்ல, அலசும் கைக்கும் பங்குண்டு.

80% கம்பளி, 20% நைலான் கலந்த ஸ்வெட்டரை எடுத்துக்கொள்வோம். நைலான் உழைப்பைக் கூட்டுமே தவிர, சுருங்குவதை முழுக்கத் தடுக்காது. துவைக்கும் முன் அதைச் செய்தித்தாளில் விரித்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். வாளியில் 30 டிகிரிக்கு மேற்படாத தண்ணீர், கம்பளிக்கென்றே விற்கும் திரவ சோப்பு கொஞ்சம். சாதாரண சலவைத் தூள் வேண்டாம். அதில் கறைக்காகச் சேர்க்கும் என்சைம், புரதமான கம்பளியையும் அரிக்கக்கூடும். பத்து நிமிடம் ஊறவிட்டு, மெல்ல அமுக்கி அமுக்கி எடுங்கள். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும்.

முறுக்கிப் பிழியக் கூடாது. டவலில் வைத்துச் சுருட்டி அமுக்கினால் ஈரம் இறங்கும். பிறகு வரைந்த கோட்டுக்குள் இழுத்துச் சரிசெய்து, நிழலில் படுக்கையாக உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும்.

லேசாக ஒடுங்கிய ஸ்வெட்டரை ஈரத்தில் இழுத்துச் சரிசெய்யலாம். பின்னல் கண்களே தெரியாதபடி தடித்து இறுகிப் போனதென்றால் அது திரும்பாது. ஆனால் அந்தத் துணியை வெட்டினாலும் நூல் பிரியாது. பாத்திரம் பிடிக்கும் துணியாகத் தைத்துக்கொள்ளலாம்.