ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்ற 40,000 நகல்கள்

தமிழ்ச் சிற்றிதழ் ஒன்றின் இணையதளம் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டுகளாகச் சேர்ந்த 40,000 படங்கள் அமேசானின் எஸ்3 கிளவுட் சேமிப்பில், ‘படம்’ என்ற ஃபோல்டருக்குள் இருக்கின்றன. தளத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு படத்தின் லிங்க்கை நகலெடுத்து நண்பருக்கு அனுப்பினால், ‘படம்’ என்ற மூன்றெழுத்துச் சொல் இப்படிப் போய்ச் சேருகிறது:

```
%E0%AE%AA%E0%AE%9F%E0%AE%AE%E0%AF%8D
```

இணைய முகவரியில் தமிழ் எழுத்துகள் நேரடியாகப் பயணம் செய்வதில்லை. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரிகிறது. அதனால் ‘படம்’ 36 எழுத்துகளாக நீண்டுவிடுகிறது. இதைப் பார்த்துச் சலித்துப்போன ஆசிரியர் குழு, ஃபோல்டரின் பெயரை ‘padam’ என்று மாற்றிவிடலாம் என்று தீர்மானிக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நொடி வேலை. எஸ்3-இல் அதற்கு ஒரு திட்டமே போட வேண்டியிருக்கும்.

காரணம் எளியது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃபோல்டர் என்பது தனியாக ஒரு பதிவு. அதன் பெயரை மாற்றும்போது அந்த ஒரு பதிவு மட்டும் மாறுகிறது. உள்ளே 40,000 கோப்புகள் இருந்தாலும் அவற்றை யாரும் தொடுவதில்லை. எஸ்3-இல் ஃபோல்டர் என்ற ஒன்றே கிடையாது. `படம்/2019/kolam.jpg` என்பது முழுவதுமே அந்தக் கோப்பின் பெயர். நடுவிலுள்ள சாய்கோடும் பெயரில் ஓர் எழுத்துதான். நிர்வாகத் திரையில் ஃபோல்டர்கள் தெரிவது நம் வசதிக்காக. ஒரே முன்னொட்டில் தொடங்கும் பெயர்களை ஒன்றாகக் கூட்டி அந்தத் திரை காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே ‘ஃபோல்டரின் பெயரை மாற்று’ என்றால், 40,000 கோப்புகளின் பெயரையும் தனித்தனியே மாற்று என்று பொருள். சாதாரண எஸ்3 பக்கெட்டில் ஒரு கோப்பின் பெயரை மாற்றும் கட்டளையும் இல்லை. புதிய பெயரில் நகலெடுத்துவிட்டுப் பழையதை அழிப்பது ஒன்றே வழி.

`aws s3 mv` என்ற கட்டளை இந்த இரண்டையும் சேர்த்தே செய்துவிடும். பலரும் முதலில் கைநீட்டுவது இதற்குத்தான். பொதுமக்கள் பார்க்கும் தளத்துக்கு இது சரிப்படாது. அது ஒவ்வொரு கோப்பாக நகலெடுத்து, உடனே பழையதை அழித்துக்கொண்டே போகும். கட்டுரைகளிலுள்ள லிங்க்குகள் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்க, தளத்தில் படங்கள் ஒவ்வொன்றாக மறையும். நடுவில் இணைப்பு அறுந்தால் பாதி இங்கே, பாதி அங்கே. எனவே நகலெடுப்பதையும் அழிப்பதையும் பிரித்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே லிங்க்குகளைத் திருத்தும் வேலை வர வேண்டும். இந்த வரிசையைக் காப்பாற்றினால் வாசகருக்கு ஒரு நிமிடம்கூடத் தடை ஏற்படாது.

முதல் வேலை, புதிதாக ஏற்றப்படும் படங்கள் இனி `padam/` என்ற முன்னொட்டில் போய்ச் சேரும்படி தளத்தின் அமைப்பை மாற்றுவது. இதைச் செய்யாமல் நகலெடுத்தால், நாம் நகலெடுத்துக்கொண்டிருக்கும்போதே யாராவது பழைய இடத்தில் புதுப் படம் ஏற்றிவிடுவார்கள். அது கணக்கில் வராமல் போய், கடைசியில் பழையதை அழிக்கும்போது அதோடு சேர்ந்து அழிந்துவிடும்.

அடுத்து நகல். முதலில் ஒத்திகை:

```
aws s3 cp s3://malar-kidangu/படம்/ s3://malar-kidangu/padam/ --recursive --dryrun
```

கடைசிச் சொல் இருக்கும்வரை எதுவும் நடக்காது; என்ன நடக்கும் என்ற பட்டியல் மட்டும் திரையில் ஓடும். பட்டியல் சரியாக இருந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டலாம். படங்கள் நம் கம்ப்யூட்டருக்கு இறங்கி மறுபடி ஏறுவதில்லை. அமேசானின் இடத்துக்குள்ளேயே நகலாகின்றன. செலவும் பயப்படும்படி இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா பகுதியில், சாதாரண சேமிப்பு வகைக்கு 1,000 நகல் கோரிக்கைகளுக்கு 0.005 டாலர் கட்டணம். 40,000 படங்களுக்கு 20 சென்ட். அழிக்கும் கோரிக்கைகளுக்குக் கட்டணமே இல்லை. இரண்டு பிரதிகளும் இருக்கும் காலத்துக்கு மட்டும் சேமிப்பு வாடகை இரட்டிப்பாகும்.

நகலில் என்னென்ன கூடவே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கோப்பின் வகை போன்ற குறிப்புகள் வந்துவிடும். யார் பார்க்கலாம் என்று கோப்புக்குக் கோப்பு கொடுத்திருந்த தனி அனுமதிகள் வராது. மலிவான சேமிப்பு வகையில் வைத்திருந்த கோப்பும், நாம் எடுத்துச் சொல்லாவிட்டால், சாதாரண வகைக்கு வந்துவிடும். கிளேசியர் என்ற ஆவணக் கிடங்கு வகையில் உறங்கும் பழைய படங்களை முதலில் மீட்டெடுத்தால்தான் நகலெடுக்க முடியும். இல்லையென்றால் கட்டளை ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு அவற்றைத் தாண்டிப் போய்விடும். ஓடும் வரிகளுக்கு நடுவே அந்த எச்சரிக்கை கண்ணில் படாமல் போவது சுலபம்.

அதனால்தான் எண்ணிப் பார்ப்பது கட்டாயம்:

```
aws s3 ls s3://malar-kidangu/padam/ --recursive --summarize
```

கடைசி இரண்டு வரிகளில் மொத்தக் கோப்புகளும் மொத்த அளவும் வரும். பழைய முன்னொட்டுக்கும் இதையே ஓட்டி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். பழைய பக்கம் 40,000, புதிய பக்கம் 39,870 என்றால், அந்த 130 படங்கள் எவை என்று தெரியாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

இனி லிங்க்குகள். உண்மையான உழைப்பு இங்கேதான். தளம் வேர்ட்பிரஸில் ஓடுகிறது என்றால், முகவரிகள் பெரும்பாலும் தரவுத்தளத்தில், கட்டுரைகளின் உடலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ‘படம்’ என்பதைத் தேடி ‘padam’ என்று மாற்றினால் போதும் என்று தோன்றும். அப்படிச் செய்தால் கட்டுரைகளில் வரும் படம் என்ற சொல்லெல்லாம் மாறிப்போகும். எனவே தளத்தின் பெயரோடு சேர்த்து முழு முகவரியாகத்தான் தேட வேண்டும். அதிலும் ஒரே முகவரி மூன்று வடிவங்களில் ஒளிந்திருக்கலாம். சில இடங்களில் தமிழ் எழுத்தாகவே இருக்கும். சில இடங்களில் `%E0%AE` என்று பெரிய எழுத்தில் இருக்கும். சில மென்பொருள்கள் அதையே `%e0%ae` என்று சிறிய எழுத்தில் எழுதிவைக்கும். பிரவுசருக்கு மூன்றும் ஒன்றுதான். தேடி மாற்றும் கருவிக்கு மூன்றும் வேறு வேறு.

தரவுத்தளத்தில் நேரடியாகக் கைவைத்து மாற்றுவதில் இன்னோர் ஆபத்து உண்டு. வேர்ட்பிரஸ் தன் அமைப்புகள் சிலவற்றைச் சேமிக்கும்போது, ஒவ்வொரு சொற்றொடரும் எத்தனை பைட் நீளம் என்பதையும் அதன் அருகிலேயே எழுதிவைக்கிறது. `படம்/` என்பது 13 பைட். `padam/` என்பது 6 பைட். சொல் மாறி நீளக் கணக்கு மாறாமல் நின்றால், அந்த அமைப்பை வேர்ட்பிரஸால் படிக்க முடியாது. பக்கத்தின் ஒரு பகுதி காணாமலே போய்விடும். `wp search-replace` என்ற கட்டளை அந்த எண்ணிக்கையையும் சேர்த்துத் திருத்தும். இதற்கும் ஒத்திகை உண்டு:

```
wp search-replace 'https://img.example.com/படம்/' 'https://img.example.com/padam/' --dry-run
```

எந்த அட்டவணையில் எத்தனை இடங்கள் மாறும் என்று இது சொல்லும். தரவுத்தளத்துக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று வடிவங்களுக்கும் மூன்று முறை ஓட்ட வேண்டும்.

நம் தளத்தைத் திருத்திவிட்டோம். ஆனால் பிறர் எழுதிய வலைப்பதிவுகள், பழைய மின்னஞ்சல்கள், ஓர் ஆய்வு மாணவர் தன் அடிக்குறிப்பில் கொடுத்த முகவரி ஆகியவற்றில் நாம் கைவைக்க முடியாது. அவற்றுக்காகத்தான் திசைதிருப்பல். எஸ்3-க்கு முன்னால் கிளவுட்ஃபிரண்ட் போன்ற விநியோகச் சேவை இருந்தால், பழைய முன்னொட்டில் வரும் கோரிக்கையைப் புதியதற்கு அனுப்பும்படி அங்கே ஒரு சிறு விதி எழுதலாம். சரியாக வேலை செய்கிறதா என்று இப்படிப் பார்க்கலாம்:

```
curl -I https://img.example.com/%E0%AE%AA%E0%AE%9F%E0%AE%AE%E0%AF%8D/2019/kolam.jpg
```

பதிலில் `location` என்ற வரியில் `/padam/2019/kolam.jpg` என்று வர வேண்டும். தொடக்கத்தில் 302 என்ற தற்காலிகக் குறியீட்டையே கொடுப்பது நல்லது. 301 என்ற நிரந்தரக் குறியீட்டைப் பிரவுசர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும். விதியில் பிழை இருந்தால், நாம் திருத்திய பிறகும் வாசகரின் பிரவுசர் தவறான இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும். எல்லாம் சரி என்று உறுதியானதும் 301-க்கு மாற்றலாம்.

பழையதை அழிக்க அவசரப்பட வேண்டியதில்லை. சில வாரங்கள் விட்டு, அணுகல் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பழைய முகவரியை யார் கேட்கிறார்கள், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்பது அதில் இருக்கும். நம் தளத்தின் பக்கங்களே அந்தப் பட்டியலில் வந்தால், திருத்தாத லிங்க் எங்கோ மிச்சமிருக்கிறது. அழிப்பதற்கு முன், விட்டுப்போனவற்றைப் பிடிக்க ஒருமுறை `aws s3 sync` ஓட்ட வேண்டும். பக்கெட்டில் பதிப்புகளைச் சேமிக்கும் வசதியும் இயக்கத்தில் இருக்க வேண்டும். அது இருந்தால் அழித்த கோப்பை மீட்கலாம். அதே காரணத்தால் பழைய பதிப்புகளுக்கு வாடகையும் ஓடிக்கொண்டிருக்கும். அவை குறிப்பிட்ட நாள்கள் கழித்துத் தாமாகவே நீங்கும்படி விதி வைத்துவிடலாம்.

அழித்த பிறகு எங்காவது படம் வராவிட்டால், பிழைச் செய்தியை நம்பி ஏமாறக் கூடாது. இல்லாத கோப்பைக் கேட்டால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் கேட்பவருக்குப் பக்கெட்டைப் பட்டியலிடும் அனுமதி இல்லையென்றால், எஸ்3 `403 AccessDenied` என்றுதான் சொல்லும். பொதுவாசகர் யாருக்கும் அந்த அனுமதி இருக்காது. அனுமதியில்தான் கோளாறு என்று நினைத்து, அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. கோப்பு அந்தப் பெயரில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஃபோல்டரையே பெயர்மாற்றும் வசதி கொண்ட கிளவுட் சேமிப்புகளும் இன்று இருக்கின்றன. கூகுளில் பக்கெட்டைத் தொடங்கும்போதே அடுக்குமுறைப் பெயர் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், ஃபோல்டர் பெயர் ஒரே செயலில் மாறும். மைக்ரோசாஃப்டின் அஷூரிலும் இதைப் போன்ற அமைப்பு உண்டு. கோப்புகளை நகர்த்தும் சுமையை இவை குறைக்கும். லிங்க்குகளைத் திருத்தும் சுமை அப்படியேதான் இருக்கும்.

அந்தச் சுமையைக் குறைக்கும் வழி நம் கையில்தான் இருக்கிறது. தரவுத்தளத்தில் முழு முகவரியை எழுதாமல் `2019/kolam.jpg` என்ற வால்பகுதியை மட்டும் எழுதி, தளத்தின் பெயரையும் முன்னொட்டையும் அமைப்புக் கோப்பில் ஒரே இடத்தில் வைத்தால், அடுத்த பெயர்மாற்றத்தில் நம் தளத்துக்குள் திருத்த வேண்டியது ஒரு வரிதான். வெளியே போய்விட்ட லிங்க்குகளுக்காக வைத்த அந்தத் திசைதிருப்பல் விதியை மட்டும் ஒருநாளும் எடுத்துவிடக் கூடாது. அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அதை எடுத்துவிட்டால், நம்மை நம்பி முகவரி கொடுத்தவரின் பக்கத்தில் படம் வராது, அது அவருக்குத் தெரியவும் தெரியாது.