எத்தனைக்குள் எத்தனை?

மரபியல் கணக்கு அட்டை ஒன்றின் முன்பக்கத்தில் இந்தக் கேள்வி இருக்கிறது. பட்டாணியில் உருண்டை விதை ஓங்கு பண்பு, சுருங்கிய விதை ஒடுங்கு பண்பு. Rr × Rr கலப்பில் கிடைத்த விதைகளிலிருந்து உருண்டையான ஒன்றை எடுக்கிறோம். அது Rr ஆக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

பிளஸ் டூ மாணவர்களிடம் இதைக் கொடுத்தால் பலரும் பாதி என்று எழுதுவார்கள். சரியான விடை மூன்றில் இரண்டு. பாதி என்று எழுதியவர்களின் தாளைப் பார்த்தால் புன்னட் கட்டம் பிழையில்லாமல் இருக்கும்: RR, Rr, Rr, rr. உயிரியல் அவர்களுக்குப் புரிந்துவிட்டது, எண்ணும் இடத்தில்தான் சறுக்கியிருக்கிறார்கள். கையில் இருப்பது உருண்டை விதை என்று கேள்வியே சொல்லிவிட்டதால் rr கட்டத்துக்கு இங்கே இடமில்லை. அதை அடித்துவிட்டால் மிஞ்சுவது மூன்று கட்டங்கள். அவற்றில் இரண்டு Rr.

மெண்டல் இதை எண்ணியே காட்டினார். புரூன் நகர மடத்துத் தோட்டத்தில், இரண்டாம் தலைமுறையின் உருண்டை விதைகளை விதைத்து 565 செடிகளை வளர்த்தார். அவற்றில் 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன. மற்ற 372 செடிகளில் உருண்டையும் சுருங்கியதும் கலந்திருந்தன. ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டு. பாடப்புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்யும் 3:1 என்பதிலுள்ள அந்த மூன்றுக்குள் ஒன்றும் இரண்டும் ஒளிந்திருப்பதை, மறுபடி விதைத்துத்தான் அவர் வெளியே கொண்டுவந்தார்.

ஆகவே அட்டையின் பின்பக்கத்தில் எழுத வேண்டிய படிகள் இவை. முதலில் பெற்றோருக்கு எழுத்து கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தரும் கேமீட்டுகளை எழுத வேண்டும். மூன்றாவதாகக் கட்டம் போட வேண்டும். நான்காவதாக, கேள்வி எந்தக் கட்டங்களை விலக்குகிறது என்று பார்த்து அவற்றை அடிக்க வேண்டும். அதற்குப் பிறகே எண்ண வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது நான்காவது படிதான். ‘உருண்டை விதைகளுள்’, ‘நோயில்லாத மகள்’, ‘நெட்டைச் செடிகளில்’ போன்ற சொற்கள் வந்தால் அடிக்க வேண்டிய கட்டம் இருக்கிறது என்று பொருள். ‘பிறக்கும் சந்ததியில்’ என்று மட்டும் கேட்டால் எதையும் அடிக்க வேண்டாம், பாதி என்ற விடையே சரி. இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனி அட்டைகளில் எழுதி அடுத்தடுத்து வைப்பது நல்லது. ஒரே கட்டம், ஒரே எழுத்துகள், ஆனால் விடை வேறு என்று கண்ணால் பார்த்தால்தான் நான்காம் படி மனத்தில் நிற்கும்.

இரு பண்புக் கலப்புக்கு வந்தால், எண்ணுவதற்கு முன்பே ஒரு பிழை காத்திருக்கிறது. RrYy செடியின் கேமீட்டுகள் என்ன என்று கேட்டால் Rr, Yy என்று எழுதிவிடுவார்கள். ஒரு கேமீட்டில் R வகையில் ஓர் எழுத்தும் Y வகையில் ஓர் எழுத்தும் இருந்தாக வேண்டும்: RY, Ry, rY, ry. எத்தனை வகை வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். எத்தனை இணைகளில் எழுத்துகள் வேறுபடுகின்றனவோ அத்தனை முறை இரண்டைப் பெருக்க வேண்டும். RrYy தருவது நான்கு வகை. RrYY தருவது RY, rY என்ற இரண்டே வகை. இதற்கும் நான்கு வகை எழுதியிருந்தால் அந்தத் தாளை மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம்.

அடுத்து, பதினாறு கட்டங்களைப் போடாமலே கணக்கை முடிக்கலாம். R தனியாக, Y தனியாக இரண்டு சிறு கணக்குகள் போட்டு விடைகளைப் பெருக்கினால் போதும். சுருங்கிய மஞ்சள் விதை வேண்டுமா? சுருங்கியது நான்கில் ஒன்று, மஞ்சள் நான்கில் மூன்று, ஆக 3/16. கட்டத்தில் எண்ணும்போது ஒன்று விட்டுப்போகும் ஆபத்து இதில் இல்லை. இரண்டு ஜீன்களும் ஒன்றையொன்று சாராமல் பிரியும்போதுதான் இப்படிப் பெருக்கலாம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கும் ஜீன்கள் சேர்ந்தே பயணிப்பதால் அங்கே இந்த வழி செல்லாது.

இப்போது அதே பொறி மறுபடியும். RrYy × RrYy கலப்பில் கிடைத்த உருண்டை மஞ்சள் விதை ஒன்று, இரண்டு பண்புகளிலும் தூய வழியாக, அதாவது RRYY ஆக இருக்க வாய்ப்பு என்ன? பதினாறு கட்டங்களில் RRYY ஒன்றே ஒன்று என்பதால் 1/16 என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் உருண்டை மஞ்சள் என்பது தெரிந்த பிறகு மிஞ்சுவது ஒன்பது கட்டங்களே, ஆகவே 1/9. பிரித்துப் போட்டாலும் அதுவே வரும். உருண்டைகளுக்குள் RR மூன்றில் ஒன்று, மஞ்சள்களுக்குள் YY மூன்றில் ஒன்று, பெருக்கினால் ஒன்பதில் ஒன்று.

இதற்கும் மெண்டலிடம் சான்று இருக்கிறது. இரு பண்புக் கலப்பில் அவருக்குக் கிடைத்த 556 விதைகளில் உருண்டை மஞ்சள் 315. அவற்றிலிருந்து விளைச்சல் தந்தவை 301 செடிகள். அவற்றில் உருண்டை மஞ்சள் விதைகளை மட்டுமே தந்த தூய செடிகள் 38. ஒன்பதில் ஒன்று என்றால் 33 வர வேண்டும், 38 அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பதினாறில் ஒன்று என்றால் 19 தான் வந்திருக்க வேண்டும். தவறான பகுதியைக் கொண்டு வகுத்தால், எதிர்பார்க்கும் எண்ணிக்கை கண்ணில் படும் செடிகளின் எண்ணிக்கையில் பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

மூன்றாவது வகை வம்சாவளிக் கணக்கு. இங்கே எண்ணுவது விதையல்ல, மனிதர்கள். பீட்டா தலசீமியாவை எடுத்துக்கொள்வோம். இது ஒடுங்கு பண்பு, பால் குரோமோசோமைச் சாராதது. அட்டையில் கேள்வி இப்படி இருக்கிறது: ஒரு பெண்ணின் தம்பிக்குக் கடுமையான தலசீமியா. பெற்றோர் இருவரும் நலம், அவளும் நலம். அவள் கணவர் இந்த நோயின் கடத்தி என்று இரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. அவர்களுக்குப் பிறக்கும் முதல் குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு என்ன?

வரைபடத்தில் சதுரம் ஆண், வட்டம் பெண், நிரப்பியது நோயுற்றவர். முதலில் நிரப்பிய சதுரத்திலிருந்து மேலே போக வேண்டும். தம்பி நோயுற்றவன், பெற்றோர் நலமானவர்கள் என்பதால் அவர்கள் இருவருமே கடத்திகள். பிறகு கீழே இறங்கி அந்தப் பெண்ணிடம் வர வேண்டும். அவள் நலமாக இருக்கிறாள், ஆகவே நான்கில் ஒரு கட்டத்தை அடித்துவிடலாம். அவள் கடத்தியாக இருக்க வாய்ப்பு 2/3. அப்படி இருந்தால் குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு 1/4. இரண்டையும் பெருக்கினால் ஆறில் ஒன்று. 1/2 என்று தொடங்கியவர்கள் எட்டில் ஒன்றில் போய் நிற்பார்கள். பட்டாணியில் செய்த அதே பிழைதான் இது.

கேள்வியை இன்னும் ஒரு படி நீட்டலாம். முதல் குழந்தை நலமாகப் பிறந்துவிட்டது. இரண்டாவது குழந்தைக்கு என்ன வாய்ப்பு? மறுபடியும் ஆறில் ஒன்று என்பார்கள், ஒவ்வொரு பிரசவமும் தனித்தனி என்று காரணமும் சொல்வார்கள். அந்தக் காரணம் பாதிதான் பொருந்தும். இதே நிலையில் 12 பெண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 8 பேர் கடத்திகள், 4 பேர் இல்லை. கடத்திகளான 8 பேரில் 6 பேருக்கு முதல் குழந்தை நலமாக இருக்கும், 2 பேருக்கு நோயோடு பிறக்கும். மற்ற 4 பேருக்கும் நலமான குழந்தையே. ஆக, முதல் குழந்தை நலமாகப் பிறந்த தாய்மார் 10 பேர், அவர்களில் கடத்திகள் 6 பேர். 2/3 இப்போது 3/5 ஆகிவிட்டது. இரண்டாவது குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு 3/5 × 1/4, அதாவது 3/20.

இருவரும் கடத்திகள் என்று உறுதியாகிவிட்ட தம்பதிக்கு ஒவ்வொரு முறையும் நான்கில் ஒன்றேதான். முன்னே பிறந்த குழந்தை அதைக் கூட்டாது, குறைக்காது. ‘ஒன்றுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிக்கும்’ என்று நம்புவது தவறு. மேலே உள்ள கணக்கில் மாறியது அடுத்த பிரசவம் அல்ல, தாயைப் பற்றி நமக்குத் தெரிந்த தகவல். நிஜத்தில் இந்தக் கணக்கோடு யாரும் நின்றுவிடக் கூடாது. அந்தப் பெண்ணின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏ2 அளவைப் பார்த்தால் கடத்தியா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அந்த 2/3 என்ற இடத்தில் 1 அல்லது 0 தான் வரும்.

கடைசியாக ஓர் அட்டை. இதில் மாணவர்கள் மட்டுமல்ல, அந்தக் காலத்து ஆய்வாளர்களும் தடுமாறினார்கள். மருத்துவமனைக்கு வரும் நோயுற்ற பிள்ளைகளைக் கொண்டு குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடித்து, அந்தக் குடும்பங்களில் எத்தனை பிள்ளைகளுக்கு நோய் என்று எண்ணினால் நான்கில் ஒன்று வருமா? பெற்றோர் இருவரும் கடத்திகளாக, ஆளுக்கு இரண்டு பிள்ளைகளுடன் 16 குடும்பங்கள் இருக்கட்டும். 9 குடும்பங்களில் இருவருக்கும் நோய் இல்லை. 6 குடும்பங்களில் ஒருவருக்கு உண்டு. ஒரு குடும்பத்தில் இருவருக்கும் உண்டு. முதல் 9 குடும்பங்கள் மருத்துவமனைப் பக்கமே வராததால் நம் கணக்கில் சேரவே சேராது. வந்து சேர்வது 7 குடும்பங்கள், 14 பிள்ளைகள், நோயுற்றவர் 8 பேர். கால் பங்கு வர வேண்டிய இடத்தில் பாதிக்கும் மேல் வந்து நிற்கிறது. இதைப் பார்த்தால் மெண்டல் விதியே தவறோ என்று தோன்றும்.

ஸ்டுட்கார்ட் நகர மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க் 1912இல் இதற்கு வழி சொன்னார். யார் மூலம் குடும்பம் நம் கண்ணில் பட்டதோ, அந்தப் பிள்ளையை எண்ணிக்கையில் சேர்க்காமல், அவரின் உடன்பிறந்தோரை மட்டும் எண்ண வேண்டும். ஒருவருக்கு மட்டும் நோயுள்ள 6 குடும்பங்களிலிருந்து 6 உடன்பிறந்தோர், அவர்கள் எல்லோரும் நலம். இருவருக்கும் நோயுள்ள குடும்பத்தை இரண்டு முறை எண்ண வேண்டும். அக்காள் மூலமும் அந்தக் குடும்பம் வந்திருக்கும், தம்பி மூலமும் வந்திருக்கும். அக்காள் வந்தபோது எண்ணப்படுவது தம்பி, தம்பி வந்தபோது எண்ணப்படுவது அக்காள். அங்கே 2 உடன்பிறந்தோர், இருவருக்கும் நோய். மொத்தம் 8 உடன்பிறந்தோரில் 2 பேருக்கு நோய், அதாவது நான்கில் ஒருவர்.