பத்து நாற்காலியா, நாற்பதா?

மரப்பட்டறையில் முதல் நாற்காலிக்கால் உருவாகும் முன்பே செலவு தொடங்கிவிடுகிறது. இயந்திரத்தில் பிளேடு மாற்றி, அளவு வைத்து, கழிவுத் துண்டில் அறுத்துப் பார்க்க வேண்டும். இந்த ஆயத்தச் செலவு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை நாற்காலி செய்தாலும் அது மாறாது. மரம், கூலி, பாலிஷ் சேர்த்து நாற்காலிக்கு 1,800 ரூபாய்.

பத்து செய்தால் ஒவ்வொன்றின் தலையிலும் 240 ரூபாய் ஏறும், அடக்கவிலை 2,040. நாற்பது செய்தால் 60தான், அடக்கம் 1,860.

எண்பது செய்தால்? மேலும் 30 ரூபாய்தான் குறையும். ஆனால் கூடுதல் நாற்பதுக்கு 72,000 ரூபாய் முடங்கும். விற்கும்வரை கிடங்கிலும் இடம் அடைக்கும். ஆர்டர் இல்லாவிட்டால் நாற்பதோடு நிறுத்துவதே லாபம்.