நோட்டுக்கு நோட்டே சாட்சியா?

வட்ட வாதம் என்பதை வரையறையாகச் சொன்னால் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பேச்சில் அது ஒளிந்து வரும்போது கண்டுபிடிப்பதில்லை. அதற்காக எட்டாம் வகுப்பில் நான் சொல்லும் சிறுகதை இது.

கம்பத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர் தண்டலுக்குக் கடன் வாங்குகிறார். நாளுக்கு 100 ரூபாய், 100 நாள். "கடன் தீர்ந்த அன்றைக்கே புரோநோட்டைத் திருப்பித் தந்துடுவேன்" என்பது கடன் கொடுத்தவரின் வாக்குறுதி. நூறாம் நாள் கடைக்காரர் கேட்கிறார். "இன்னும் 8 நாள் பாக்கி இருக்கு. நோட்டுல அப்படித்தான் இருக்கு" என்கிறார் அவர்.

கடைக்காரரின் மகள் கேட்கிறாள்: "நோட்டு சரியா இருக்குன்னு எப்படித் தெரியும், மாமா?"

"என் கணக்கு தப்பாது தாயி."

"தப்பாதுன்னு எப்படித் தெரியும்?"

"இத்தனை வருஷ நோட்டையும் புரட்டிப் பாரு. ஒரு தப்பு இருக்கா?"

"அப்போ நோட்டுக்கு நோட்டேதான் சாட்சியா, மாமா?"

கதையை இங்கே நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கூற்றையும் கரும்பலகையில் எழுதச் சொல்வேன். ஒரு கூற்றிலிருந்து அதற்குச் சொல்லப்பட்ட காரணத்துக்கு அம்புக்குறி போட வேண்டும். பாக்கிக்குக் காரணம் நோட்டு. நோட்டுக்குக் காரணம் தப்பாத கணக்கு. தப்பாத கணக்குக்குக் காரணம் மறுபடி நோட்டு. அம்பு புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது. வெளியிலிருந்து ஒரு சான்றும் உள்ளே வரவில்லை. ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இந்தக் குற்றத்தை நம் தருக்க நூல்கள் அந்நியோன்யாசிரயம் என்கின்றன. நடுவே 'தப்பாத கணக்கு' என்ற இன்னொரு கூற்று இருப்பதால்தான் வட்டம் சட்டென்று கண்ணில் படுவதில்லை.

அடுத்து மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "அப்படியென்றால் அவர் பொய் சொல்கிறார்" என்பார்கள். அது சரியல்ல. வாதம் வட்டமானது என்றால், 8 நாள் பாக்கி என்பது நிரூபிக்கப்படவில்லை என்றுதான் பொருள். பாக்கி இல்லை என்பதும் நிரூபணமாகவில்லை. "அப்பா கட்டிவிட்டார், அப்பா பொய் சொல்ல மாட்டார்" என்று மகள் நின்றிருந்தால் அவள் வாதத்துக்கும் வெளிச்சான்று இருந்திருக்காது.

ஆகவே கதையின் முடிவில் அவள் கடையின் நாள்காட்டியை எடுத்து வருகிறாள். பணம் வாங்க வரும் பையன் தினமும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். இருவரும் சேர்ந்து எண்ணுகிறார்கள்: 100. இது நோட்டைச் சாராத சான்று. கடன் கொடுத்தவரின் ஆளே எழுதியது.

கந்துவட்டி, தண்டல் போன்ற பெயர்களில் அதிக வட்டி வாங்குவதைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் இந்த வகுப்பிலேயே சொல்லலாம். ஆனால் வீட்டுக் கடனைப் பற்றி எந்தப் பிள்ளையையும் பேசச் சொல்ல வேண்டாம். பயிற்சிக்கு விளம்பர வாசகங்களே போதும்: "எல்லாரும் வாங்குகிறார்கள், ஏனென்றால் இது தரமானது, தரமானது, ஏனென்றால் எல்லாரும் வாங்குகிறார்கள்." அம்புக்குறிகளை அவர்களே போட்டுவிடுவார்கள்.