“நல்லாதான் இருக்கு, இன்னும் கொஞ்சம் டெவலப் பண்ணுங்கம்மா”

பிஎச்.டி. செய்யும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கைடு அறையில் திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியங்கள் என்று சிலவற்றைச் சொல்வார்கள். “நல்லாதான் இருக்கு, இன்னும் கொஞ்சம் டெவலப் பண்ணுங்கம்மா.” “டெப்த் பத்தலை.” “வெச்சிட்டுப் போங்க, பார்க்கிறேன்.” அதுவும் பத்து நாள் வராந்தாவில் காத்திருந்த பிறகு, ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் நடுவே, நின்றபடி கேட்டதாக இருக்கும். வெளியே வரும் மாணவிக்கு நாளைக் காலையில் எந்த வேலையை எடுப்பது என்று புரியாது. புலம்பத் தோன்றுவது இயல்புதான். ஆனால் புலம்பலால் ஆய்வேட்டில் ஒரு பக்கம்கூட நகராது. புலம்பாமல் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேர் வரை பிஎச்.டி.க்கு வழிகாட்டலாம். இணைப் பேராசிரியர் 6 பேருக்கும் உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் வழிகாட்டலாம். இதற்கு மேல் வகுப்பு, விடைத்தாள் திருத்தம், துறைத் தலைவர் பொறுப்பு, தரமதிப்பீட்டுக் குழு வரும்போது நிரப்ப வேண்டிய கோப்புகள் எல்லாம் உண்டு. உங்கள் ஆய்வு உங்களுக்கு முழு நாள் வேலை. அவருக்கோ எட்டில் ஒன்று. போன மாதம் உங்களிடம் என்ன சொன்னார் என்பது அவர் நினைவில் பெரும்பாலும் இருக்காது. பல மாணவர்கள் இந்த ஒன்றைத்தான் ஏற்றுக்கொள்ள மறுக்கிறார்கள். கைடின் தலைக்குள் தெளிவான திட்டம் ஒன்று இருக்கிறது, அதை அவர் வாய்திறந்து சொல்லமாட்டேன் என்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அப்படி ஒரு திட்டம் இருப்பதில்லை. அதைத் தயாரித்துக் கொண்டுபோய் ஒப்புதல் வாங்க வேண்டியவர் மாணவர்தான்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்த்தால் இது விளங்கும். தருமபுரி வட்டாரத்தில் ஒரு மாணவி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வு செய்வதாக வைத்துக்கொள்வோம். அங்கே பாறையிலிருந்தே ஃப்ளோரைடு நீரில் கரைகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவு. மாணவி ஜனவரியில் 30 ஆழ்துளைக் கிணறுகளில் நீர் எடுத்து, அளந்து, மார்ச்சில் ஓர் அத்தியாயத்தைக் கைடிடம் கொடுக்கிறார். கிடைக்கும் பதில்: “சாம்பிள் பத்தாதும்மா, இன்னும் கொஞ்சம் எடுங்க. சீசனையும் பார்த்துக்கோங்க.”

இதற்கு மூன்று பொருள் கொள்ளலாம். அதே 30 கிணறுகளில் மழைக்கு முன்னால், மே மாதத்தில் மறுபடி எடுத்து, ஜனவரி அளவோடு ஒப்பிடச் சொல்லியிருக்கலாம். புதிதாக இன்னும் 20 கிணறுகளைச் சேர்த்து வரைபடத்தில் உள்ள வெற்றிடங்களை நிரப்பச் சொல்லியிருக்கலாம். அல்லது ஒரே கிணற்றில் ஒரே நாளில் இரண்டு பாட்டில் எடுத்து, அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்று காட்டச் சொல்லியிருக்கலாம். முதலாவது பருவ மாற்றத்தைப் பற்றிய ஆய்வு, இரண்டாவது இடப் பரவல், மூன்றாவது தரச் சோதனை. மூன்றுக்கும் செலவும் நாளும் வேறு. எழுதப்போகும் அத்தியாயமும் வேறு.

இங்கே மாணவி செய்யக்கூடிய மிக மோசமான காரியம், கைடு விளக்கட்டும் என்று காத்திருப்பது. ஏப்ரல் முழுக்க விடைத்தாள் திருத்தம், மே மாதம் விடுமுறை, ஜூனில் சேர்க்கை வேலை. ஜூலையில் அவர் உட்கார்ந்து பேசும்போது மே போய்விட்டிருக்கும். அடுத்த மே வர பத்து மாதம் ஆகும். பிஎச்.டி.க்கு அதிகபட்சம் 6 ஆண்டு என்பதுதான் பொது விதி. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு வரை நீட்டிக்கலாம். அந்த ஆறில் கிட்டத்தட்ட ஒன்று ஒரு தெளிவில்லாத வாக்கியத்துக்காகப் போய்விடும். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. ஆனாலும் இழப்பு மாணவிக்குத்தான்.

மாறாக, அன்று மாலையே உட்கார்ந்து மூன்று பொருளையும் தாளில் எழுதிப் பார்க்கலாம். எழுதியவுடன் ஒன்று தெரியும்: மூன்றாவதைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை. எப்படியும் கிணற்றுக்குப் போகிறோம், பத்துக்கு ஒரு கிணற்றில் இரண்டாவது பாட்டில் நிரப்பினால் முடிந்தது. ஃப்ளோரைடுக்குக் கண்ணாடி ஆகாது, பிளாஸ்டிக் பாட்டில்தான். அமிலம் எதுவும் சேர்க்க வேண்டாம், 28 நாள் வரை வைத்திருந்து அளக்கலாம். முதலாவதையும் தள்ளிப்போட முடியாது, ஏனென்றால் மே மாதம் நமக்காகக் காத்திருக்காது. மிஞ்சுவது ஒரே கேள்வி: புதிய 20 கிணறுகள் வேண்டுமா, வேண்டாமா? அதற்கு மட்டும்தான் கூடுதல் பணமும் நாளும் தேவை. அதனால் அதற்கு மட்டும்தான் கைடின் முடிவும் தேவை.

அதன்பின் அவருக்குப் போகும் கடிதம் அரைப் பக்கத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இப்படி எழுதலாம்: “சார், சாம்பிள் போதாது என்று மார்ச் 12 அன்று சொன்னீர்கள். மே 10 முதல் அதே 30 கிணறுகளில் மறுபடி எடுக்கிறேன், மூன்றில் இரட்டைப் பாட்டில். பாலக்கோடு பக்கம் வரைபடத்தில் இடைவெளி இருக்கிறது. அங்கே 20 கிணறு சேர்த்தால் நான்கு நாளும் வண்டிச் செலவும் கூடும். இந்தப் பருவத்தில் சேர்க்க வேண்டாம் என்பது என் எண்ணம், காரணம் ஜனவரி அளவு அவற்றுக்கு இல்லை, ஒப்பிட முடியாது. சேர்க்கலாமா, வேண்டாமா என்று மட்டும் ஏப்ரல் 25-க்குள் சொல்லுங்கள். வேறு விதமாகச் சொல்லாவிட்டால் 30 கிணறுகளோடு கிளம்புகிறேன்.”

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத அவருக்கு அரை நிமிடம் போதும். விழா மேடையில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் “ஓகே, 30 போதும்” என்று அனுப்பிவிடலாம். பதிலே வராவிட்டாலும் வேலை நிற்காது. கடைசி வரிக்கு மட்டும் ஓர் எல்லை வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் திருத்திக்கொள்ளக்கூடிய வேலைக்குத்தான் “சொல்லாவிட்டால் தொடங்குகிறேன்” என்று எழுதலாம். ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்புவது, ஆசிரியர் பெயர்களைச் சேர்ப்பது அல்லது நீக்குவது, திட்டப் பணத்தைச் செலவழிப்பது, நோயாளிகளிடமோ குழந்தைகளிடமோ தகவல் திரட்டுவது ஆகியவற்றில் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அங்கே எழுத்தில் “சரி” வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

“டெப்த் பத்தலை” என்பது இன்னும் சிக்கலான வகை. இதைச் சொல்பவர் அத்தியாயத்தைப் படித்து, ஏதோ குறைகிறது என்று உணர்ந்து, அது என்னவென்று சொல்லத் தெரியாமல் சொல்லியிருக்கலாம். அல்லது படிக்காமலேயே சொல்லியிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. “எந்தப் பகுதி சார்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். படித்தவர் தாளைப் புரட்டி ஓர் இடத்தில் விரல் வைப்பார். படிக்காதவர் “பொதுவா சொல்றேன்” என்பார். படிக்கவில்லை என்று தெரிந்தால் கோபம் வரத் தேவையில்லை. அறுபது பக்க அத்தியாயத்தைக் கொடுத்தது தவறான தந்திரம் என்பதே அதன் பொருள். அடுத்த முறை ஆறு பக்கம் கொடுங்கள், முதல் பக்கத்தில் அவர் கருத்து வேண்டிய இரண்டு பத்திகளுக்கு மட்டும் கோடு போட்டு.

படித்தும் சொல்லத் தெரியாதவரிடம் வேறு வழி. ஒரே பகுதியை இரண்டு விதமாக எழுதிக் கொண்டுபோங்கள். நம் மாணவி விஷயத்தில், ஒன்றில் ஃப்ளோரைடு அளவைக் கிணற்றின் ஆழத்தோடு பொருத்திப் பார்க்கலாம், இன்னொன்றில் பாறை வகையோடு. பக்கத்தில் பக்கமாக வைத்து “எது சார் நீங்க நினைக்கிறது?” என்று கேட்டால், விவரிக்கத் திணறியவர் சட்டென்று ஒன்றைத் தொடுவார். “இதுல ஆரம்பிச்சு அதை உள்ள கொண்டாங்க” என்பார். இப்படிக் கிடைக்கும் வழிகாட்டல்தான் பெரும்பாலும் தரமானது. அனுபவம் உள்ளவர்களுக்கு ஒன்றைப் பார்த்தால் தீர்ப்பு வரும், வெறும் கேள்விக்கு வராது.

சந்திப்பு ஐந்து நிமிடமாக இருந்தாலும், அன்றே ஐந்து வரி எழுதி அனுப்பிவிடுங்கள்: என்ன பேசினோம், என்ன முடிவானது, அடுத்து எதை எந்தத் தேதிக்குள் முடிக்கிறேன். தலைப்பில் தேதி இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து “யார் உங்களை 30-ஓட நிறுத்தச் சொன்னது?” என்று அவர் கேட்கும் நாள் வரலாம். மறதிதான் காரணம், வஞ்சகம் இல்லை. அப்போது வாதாட வேண்டாம். அந்தக் கடிதத்தையே திரும்ப அனுப்பி, “அன்று இப்படி முடிவு செய்தோம் சார். மாற்றுவதானால் அடுத்த மே வரை ஆகும், மாற்றலாமா?” என்று கேட்டால் போதும். மாற்றத்தின் விலை கண்முன் தெரியும்போது பெரும்பாலானவர்கள் பழைய முடிவோடு நின்றுவிடுகிறார்கள்.

கைடைத் தவிர இன்னொரு வாசலும் இருக்கிறது. அதைப் பலர் வெறும் சடங்காக நினைத்து வீணாக்குகிறார்கள். ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் மாணவர் தன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. சில பல்கலைக்கழகங்களில் இதை டாக்டரல் கமிட்டி என்பார்கள். முன்னேற்றம் போதாது என்றால் காரணத்தைப் பதிவு செய்து, திருத்த வழி சொல்வது அந்தக் குழுவின் கடமை. கிணறு எத்தனை என்பது போன்ற குறுகிய கேள்வியை அங்கே வைத்தால் நிலவியல் தெரிந்த உறுப்பினர் ஒருவர் பதில் சொல்லிவிடுவார், அது கூட்டக் குறிப்பிலும் ஏறும். ஆனால் கேள்வியை முன்கூட்டியே கைடிடம் காட்டிவிட வேண்டும். “கமிட்டியில இதைக் கேட்கலாம்னு இருக்கேன் சார்” என்ற ஒரு வரியே போதும். அவருக்குத் தெரியாமல் கேட்டால் அது புகாராகத்தான் போய்ச் சேரும்.

இத்தனையும் வேலைப்பளுவால் கைக்கு எட்டாத, ஆனால் நேர்மையான வழிகாட்டிக்குத்தான் பொருந்தும். வீட்டு வேலை வாங்குபவர், கையெழுத்துக்குப் பணம் கேட்பவர், தகாத முறையில் நடப்பவர் ஆகியோரிடம் பொறுமை காட்ட வேண்டியதில்லை. அங்கே முறையிடத்தான் வேண்டும். பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும், அங்கே போங்கள்.

நேர்மையானவராகவே இருந்தும், அரைப் பக்கக் கடிதங்களுக்கு ஒரு முழுப் பருவமாக ஒரு வரிப் பதிலும் வரவில்லை, ஒருமுறைகூட உட்கார்ந்து பேச முடியவில்லை என்றால், அவர் உங்களுக்குக் கைடாக இருக்க முடியாது என்று பொருள். துறைத் தலைவரைப் பார்த்து இணை வழிகாட்டியோ வழிகாட்டி மாற்றமோ கேளுங்கள். தேதியிட்ட உங்கள் கடிதங்களே அதற்குப் போதுமான காரணம் சொல்லும். இதை இரண்டாம் ஆண்டிலேயே கேட்டுவிடுங்கள். தரவெல்லாம் திரட்டி முடித்த ஐந்தாம் ஆண்டில் மாற்றம் கேட்டால், புதிதாக வருபவர் தலைப்பையே மாற்றச் சொல்லக்கூடும், அதற்கு உங்களிடம் ஆண்டுகள் மீதமிருக்காது.