பணம் கட்டுபவர் ஒருவர், படிப்பவர் இன்னொருவர்

நீட் பயிற்சி விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவைதான். வரிசையாக மாணவர் படங்கள், பக்கத்தில் மதிப்பெண், அடியில் 'இன்றே சேருங்கள்'. இதே படம் அப்பாவின் வாட்ஸ்அப்புக்கும் போகிறது, பிளஸ் டூ படிக்கும் மகளின் இன்ஸ்டாகிராமுக்கும் போகிறது. அப்பா கட்டணம் எவ்வளவு என்று தேடுகிறார், காணோம். மகளுக்கோ இன்னொரு வீட்டு மகளின் மதிப்பெண்ணைப் பார்த்ததும் எரிச்சல்தான் வருகிறது.

இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஆறு மாத இணைய வகுப்பு தொடங்குகிறார், கட்டணம் ரூ.9,000 என்று வைத்துக்கொள்வோம். பெற்றோருக்கு அவர் அனுப்ப வேண்டிய செய்தி கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"வணக்கம். நீட் இயற்பியல் வகுப்பு, ஆறு மாதம், மொத்தக் கட்டணம் ரூ.9,000. வாரம் மூன்று நாள், மாலை 6.30 முதல் 7.30 வரை. ஞாயிறுதோறும் வருகையும் தேர்வு மதிப்பெண்ணும் உங்களுக்கு வரும். இரண்டு வாரத்துக்குள் வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும். சந்தேகம் இருந்தால் இரவு 8 மணிக்கு மேல் என்னையே கூப்பிடலாம்."

இதில் 'சிறந்த', 'நம்பர் ஒன்' போன்ற சொற்கள் எதுவும் இல்லை. பெற்றோரின் பயம் இரண்டே: பணம் போய்விடுமோ, படிப்பு என்ற பேரில் பிள்ளை நாள் முழுக்க செல்போனிலேயே கிடக்குமோ. முதல் பயத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற வரி பதில் சொல்கிறது. இரண்டாவதற்கு வகுப்பு முடியும் நேரம் பதில். என்னைக் கேட்டால், '7.30' என்ற அந்த எண்தான் முழுச் செய்தியிலும் அதிகம் வேலை செய்யும்.

மாணவிக்கு இந்த விவரம் எதுவும் தேவையில்லை. நீட்டில் 180 கேள்விகள், 180 நிமிடங்கள். கேள்விக்கு ஒரு நிமிடம். உயிரியல் தெரிந்த பிள்ளைகள்கூட இயற்பியல் கணக்குகளில்தான் நேரத்தைத் தொலைக்கிறார்கள். ஆகவே அவளுக்கான விளம்பரம் ஒரு கணக்காகவே இருக்கட்டும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை நேர் மேலே எறிகிறோம். எவ்வளவு உயரம் போகும்? சூத்திரத்தைத் தேட வேண்டாம். புவியீர்ப்பு நொடிக்கு நொடி 10 மீட்டர் வேகத்தைக் குறைக்கிறது, அதனால் இரண்டு நொடியில் பந்து நின்றுவிடும். 20-இல் தொடங்கி 0-இல் முடிந்ததால் சராசரி வேகம் 10. இரண்டு நொடிக்கு 20 மீட்டர். விடை கிடைத்துவிட்டது. இதை நாற்பது நொடி வீடியோவாகப் போட்டு, 'இதேபோல் இன்னொரு கணக்கு, சனிக்கிழமை இலவச வகுப்பில்' என்று முடித்தால் போதும். சேரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.

இரண்டு செய்தி என்றால் இரண்டு நாக்கு என்று பொருளல்ல. பெற்றோரிடம் 'கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்போம்' என்றும், பிள்ளையிடம் 'இங்கே யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள்' என்றும் சொன்னால் ஒரே வாரத்தில் குட்டு வெளிப்படும். வாட்ஸ்அப் செய்தி வீட்டுக்குள் கைமாறாமல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை அறிக்கையில் என்னென்ன போகும் என்பதை முதல் வகுப்பிலேயே மாணவியிடம் சொல்லிவிட வேண்டும்.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. குழந்தைகளின் இணைய நடமாட்டத்தைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் அது தடுக்கிறது. பிளஸ் டூ பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வயது 17. எனவே காசு கொடுத்துப் போடும் விளம்பரம் பெற்றோருக்கு மட்டும் போகட்டும். மாணவர்களுக்கான கணக்கு வீடியோ யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி யூடியூபில் இருக்கட்டும்.

எந்தச் செய்தி சறுக்கியது என்று கண்டுபிடிப்பது எளிது. சனிக்கிழமை வகுப்பு நிரம்பி வழிந்தும் பணம் கட்ட ஆளில்லை என்றால் பெற்றோருக்கான செய்தியில் ஓட்டை. பணம் வந்துவிட்டது, ஆனால் மூன்றாவது வாரம் பாதிப் பேரைக் காணோம் என்றால் பிள்ளைகள் மனதில் எதுவும் ஏறவில்லை. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. கட்டணம் வந்ததும் வேலை முடிந்ததென்று நினைத்துவிடுகிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கும் தொலைபேசிகள் அதன்பின்தான் ஒலிக்கத் தொடங்கும்.

வெற்றி பெற்றவர்களின் படத்தைப் போடுவதற்கும் இப்போது விதி உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, தேர்ச்சிக்குப் பிறகு அந்த மாணவரிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அவர் எந்த வகுப்பில் எத்தனை காலம் படித்தார், பணம் கட்டியா இலவசமாகவா என்பதையும் படத்தோடு சொல்ல வேண்டும். கடைசி மாதம் மாதிரித் தேர்வு மட்டும் எழுதியவரை 'எங்கள் மாணவர்' என்று காட்டும் பழைய தந்திரத்தை அடைக்கத்தான் இது. உங்கள் கைக்கு வரும் விளம்பரத்தில் அந்த விவரம் இல்லையென்றால், பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.