கண்ணீர் வராத துக்கம்

துக்கம் விசாரிக்கச் செல்லும் நாம், எதிரில் இருப்பவர் அழுதால் என்ன செய்வது என்பதை ஓரளவு அறிவோம். அவரே, "எனக்கு எதுவுமே தோன்றவில்லை, அழுகையும் வரவில்லை" என்று சொல்லிவிட்டால் திகைத்துப் போகிறோம்.

என் நண்பர் ஒருவரின் மனைவி இரண்டு ஆண்டுகள் படுக்கையில் இருந்து காலமானார். ஐந்தாம் நாள் நான் சென்றபோது நண்பர் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உறவினர் ஒருவர், "ஒரு தரம் வாய்விட்டு அழுதுவிடுங்கள், பாரம் குறையும்" என்றார். இன்னொருவர், "நெஞ்சு கல்லாகிவிட்டது போலும்" என்று மெல்லச் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. நானும் என் பங்குக்கு ஆத்மாவின் அழியாமையைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அவர் மரியாதையாகத் தலையசைத்தார். கூட்டம் கலைந்த பின் என்னிடம், "சார், நாற்பத்தைந்து வருஷம் சேர்ந்து வாழ்ந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எனக்கு அவள்மேல் அன்பே இல்லையோ?" என்று கேட்டார்.

அவரை வருத்தியது அந்தச் சந்தேகம்தான். முதலில் நீக்க வேண்டியதும் அதுவே. "அழாததால் அன்பு குறைந்துவிடாது, சார். பேரிடி விழும்போது மனம் சிறிது காலம் மரத்துப்போவது இயல்பு. நெடுநாள் பணிவிடை செய்தவர்களுக்கும் இது நேரலாம்" என்றேன். "பிறகு அழுகை வந்துவிடும்" என்று மட்டும் சொல்லவில்லை. சிலருக்குப் பல மாதங்கள் கழித்து வரும். சிலருக்கு வராமலே போகும். வரும் என்று சொல்லிவிட்டால், அதற்காகக் காத்திருப்பதே அவருக்குப் புதிய பாரமாகிவிடும். "வந்தால் வரட்டும், வராவிட்டாலும் தவறில்லை" என்பதே பொருத்தமான சொல்.

அடுத்து, "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்கவில்லை. உணர்வே தெரியவில்லை என்பவருக்கு அதற்கு விடை கிடையாது. "இரவில் தூக்கம் வருகிறதா?" என்று கேட்டேன். அதற்கு விடை இருந்தது. இரவு இரண்டு மணிக்கு மனைவியைப் புரட்டிப் படுக்க வைப்பது அவர் வழக்கம். இப்போதும் அதே நேரத்துக்கு விழித்துக்கொள்கிறாராம். அவர் உடல் இன்னும் பணிவிடையை விடவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அதை அவரிடமே சொன்னேன். நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, அந்தக் கடைசி இரவைப் பற்றித் தாமாகவே சொல்லத் தொடங்கினார். நான் குறுக்கிடவில்லை. பேச்சின் நடுவே, தம் இரத்த அழுத்த மாத்திரையை மூன்று நாட்களாக மறந்துவிட்டதும் தெரிய வந்தது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மகாபாரதத்தில் ஸ்திரீ பர்வம் இதைக் காட்டுகிறது. நூறு பிள்ளைகளையும் இழந்த திருதராஷ்டிரன் வாயடைத்துச் சிந்தனையில் மூழ்கியிருக்கிறான். விதுரர் நிலையாமையைப் பற்றி விரிவாக உபதேசிக்கிறார். அத்தனையும் கேட்ட பின்னும் அரசன் மயங்கி விழுகிறான். அப்போது வியாசரும் விதுரரும் சஞ்சயனும் குளிர்ந்த நீர் தெளித்து, பனையோலை விசிறியால் வீசி, கைகளால் மெல்ல வருடிக் கொடுத்து, நெடுநேரம் அவனைத் தேற்றுகிறார்கள். விதுரருடைய ஞானத்துக்கே நீரும் விசிறியும் துணை வேண்டியிருந்தது என்றால், நம் உபதேசம் சற்றுக் காத்திருக்கலாம்.

சில அறிகுறிகளை மட்டும் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. "நானும் போய்விட வேண்டும்" என்று அவர் சொன்னால் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். உணவும் நீரும் ஏற்காவிட்டாலும், மாதங்கள் கடந்தும் குளிப்பது, சமைப்பது போன்ற அன்றாடக் காரியங்களே நடக்காவிட்டாலும் மருத்துவ உதவி தேவை. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் உணர்வை மழுங்கச் செய்வதுண்டு. அவற்றைத் தாமாக நிறுத்தாமல், கொடுத்த மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்து உறவினர் ஊருக்குத் திரும்பியதும் வீடு வெறிச்சோடிவிடும். உண்மையான விசாரிப்பு அப்போதுதான் வேண்டும். வாரம் ஒரு மாலை அவரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். பிராகாரத்தைச் சுற்றுவோம்; அதிகம் பேச மாட்டோம். மூன்றாம் மாசிகத்தன்று அவரே தொலைபேசியில் அழைத்தார். "இன்றைய பாயசத்தில் வெல்லம் போதவில்லை, சார். அவள் இருந்தால் சமையற்காரரை விட்டிருக்க மாட்டாள்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சற்று நேரம் பேசவில்லை. நானும் தொலைபேசியை வைக்காமல் காத்திருந்தேன்.

அழுதாரா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.